பேயர் 1872-லேயே பார்த்துவிட்டார், பேக்லைட் 1907-ல் தான் வந்தது: நடுவில் 35 வருடம் ஏன்?

நிலவன்

வணக்கம் நண்பர்களே. பேக்லைட் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்த்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது: 1907-ல் நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் ஊரில் லியோ பேக்லண்ட் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து முதல் செயற்கைப் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். ஆனால் இந்த வினை அதற்கு முன்பே தெரிந்ததுதானே? ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஃபொன் பேயர் 1872-ல் பீனாலையும் ஆல்டிஹைடுகளையும் சேர்த்தால் பிசின் மாதிரி ஒன்று வருகிறது என்று எழுதியிருக்கிறார். 1891-ல் கிளீபெர்க் என்ற இன்னொரு வேதியியலர் பார்மால்டிஹைடை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்.

அதே இரண்டு சரக்கு, அதே வினை. அப்படியென்றால் பேக்லண்ட் புதிதாக என்ன செய்தார்? பெரிய ஆய்வகமும் பெரிய பெயரும் உள்ளவர்கள் 35 வருடம் விட்டுவைத்த விஷயம் இவருக்கு மட்டும் எப்படிக் கைகூடியது? வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு வேதியியலை விட்டவன்.

மணி_சூலூர்

நண்பரே, முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம். முதல் பிளாஸ்டிக் பேக்லைட் இல்லை, செல்லுலாய்டு. இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862 லண்டன் கண்காட்சியிலேயே பார்க்கசின் என்று ஒன்றை வைத்தார். அப்புறம் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்கு மாற்று தேடி, 1870 வாக்கில் கற்பூரம் சேர்த்து செல்லுலாய்டு செய்தார். சீப்பு, காலர், சினிமா ஃபிலிம் எல்லாம் அதுதான்.

பேக்லண்ட் விஷயம் தற்செயல் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். எதையோ சூடுபண்ணும்போது குழாய்க்குள் கெட்டியாகிப்போனது, எடுக்க முடியவில்லை, அதுவே பேக்லைட் ஆகிவிட்டது. பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இப்படித்தான் வந்திருக்கின்றன.

வேதிவாசகி

மணி சார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. நான் ரெசின் தொழிலில் பல வருடம் இருந்தவள். இது எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செல்லுலாய்டு முந்தியது என்பது உண்மை. ஆனால் அதில் இருக்கும் நீளச் சங்கிலி மூலக்கூறை உருவாக்கியது பருத்திச் செடி. பஞ்சில் இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து மாற்றினார்கள், கற்பூரம் சேர்த்து இளக்கினார்கள். மனிதன் செய்தது மேல்வேலை மட்டும்தான். பேக்லைட்டில் எடுத்துக்கொண்டது இரண்டு சின்ன மூலக்கூறுகள். பீனால் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது, பார்மால்டிஹைடு மரச் சாராயம் என்ற மெத்தனாலிலிருந்து வந்தது. அந்தக் கட்டமைப்பு அதற்கு முன் எந்தச் செடியிலும் விலங்கிலும் கிடையாது. "முதல் முழுச் செயற்கை" என்று சொல்வது இதனால்தான்.

இப்போது நிலவன் கேட்டதற்கு வருகிறேன். பேயரின் காலத்து வேதியியலர் ஒரு புதுப் பொருளை எப்படி ஆராய்ந்தார் என்று யோசித்துப் பாருங்கள். கரைப்பானில் கரைப்பார், படிகமாக்குவார், உருகுநிலை பார்ப்பார், அல்லது வாலை வடித்துக் கொதிநிலை பார்ப்பார். அப்படித் தூய்மையாக்கிய பிறகுதான் அதற்கு வாய்பாடு எழுத முடியும். பேயர் தேடிக்கொண்டிருந்தது சாயங்கள். அவர் குடுவையில் வந்ததோ ஒட்டிக்கொள்ளும் பிசின். கிளீபெர்க்குக்கு வந்தது இன்னும் மோசம்: எதிலும் கரையவில்லை, உருகவும் இல்லை. படிகமே ஆகாத ஒன்றை அன்றைய முறைகளால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே ஒதுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய தொழிலின் அளவுகோலில் அது கெட்டுப்போன வினை.

பேக்லண்ட் வேறு பக்கத்திலிருந்து வந்தார். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர். அமெரிக்காவில் வெலாக்ஸ் என்ற புகைப்படத் தாளைச் செய்து, 1899-ல் ஈஸ்ட்மன் கோடாக்குக்கு விற்றுப் பெரும் பணம் பார்த்தவர். யாங்கர்ஸில் தன் வீட்டு வளாகத்திலேயே ஆய்வகம் வைத்துக்கொண்டார். அவர் தேடியது ஷெல்லாக்குக்கு மாற்று. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின்தான் ஷெல்லாக். பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளிலிருந்து போனது. மின்சாரம் பரவப் பரவ, கம்பிச் சுருளுக்குக் காப்புப் பூச ஷெல்லாக் தேவை ஏறிக்கொண்டே போனது. பூச்சியை அவசரப்படுத்த முடியாது.

முதலில் அவர் செய்தது நோவலாக் என்ற கரையக்கூடிய பிசின். அது ஷெல்லாக்கை அசைக்கவில்லை. அடுத்து, மரத்துக்குள் இந்தக் கலவையை ஊறவைத்து மரத்தைக் கடினமாக்கலாம் என்று பார்த்தார். அங்கேதான் திருப்பம். மரத்திலிருந்து வழிந்த பிசினையே தனியாக எடுத்து, மூடிய குழாயில் சூடாக்கினார். 1907 ஜூன் மாதக் குறிப்பேட்டில் ஏ, பி, சி, டி என்று நான்கு பொருள்களைப் பிரித்து எழுதியிருக்கிறார். டி தான் கரையாத, இளகாத பொருள். ஜூலை 13-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குழாயில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வியந்த கதை இல்லை இது, மணி சார். வேண்டுமென்றே மூடிய குழாயில், வேண்டுமென்றே அழுத்தத்தோடு சூடாக்கியிருக்கிறார்.

சித்ரா கா

பேக்லைட் பற்றிப் பேசுவதால் இங்கேயே கேட்கிறேன். எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கரின் கைப்பிடி ஸ்க்ரூ போடும் இடத்தில் உடைந்துவிட்டது. கறுப்பு பேக்லைட் கைப்பிடிதான். உடைந்த துண்டு கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒட்டித் தருவார்களே, அதுமாதிரி அடுப்பில் காட்டி இளக்கி ஒட்ட முடியுமா? எவ்வளவு சூடு வேண்டும்?

அம்பத்தூர் ராஜு

அம்மா, அடுப்பில் காட்டாதீர்கள். அது இளகாது. கருகும், கார்பாலிக் சோப்பு வாசனை வரும், அவ்வளவுதான். வாளி வேறு ஜாதி, சூடு பட்டால் உருகும், ஆறினால் இறுகும். பேக்லைட் ஒருமுறை வெந்துவிட்டால் மறுபடி உருகவே உருகாது. பசை போட்டும் ஒட்ட வேண்டாம். குக்கர் கைப்பிடி, சூட்டோடும் பாரத்தோடும் தூக்குகிற இடம். பாத்திரக் கடையில் அந்த மாடலுக்கு உரிய கைப்பிடி தனியாகக் கிடைக்கும், வாங்கி ஸ்க்ரூ போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேக்லைட் மோல்டிங் பட்டறையில் பிரஸ் ஓட்டியவன். ஸ்விட்ச், மோட்டார் டெர்மினல், குக்கர் கைப்பிடி எல்லாம் அடித்திருக்கிறேன். எங்களிடம் வரும் ரிஜெக்ட் பீஸை அரைத்து மறுபடி டை என்கிற அச்சில் போட்டால் ஒட்டவே ஒட்டாது. கழிவு கழிவுதான். கொஞ்சம் தூளாக்கிப் புதுப் பவுடரோடு கலப்பவர்கள் உண்டு, அது வெறும் மண்ணைப் போட்ட மாதிரிக் கிடக்கும்.

சித்ரா கா

சரிங்க அண்ணா, நல்லவேளை கேட்டேன். ஆனால் ஏன் உருகாது? அதைச் செய்யும்போது மட்டும் எப்படி உருகி டைக்குள் போகிறது?

வேதிவாசகி

சித்ரா, நிலவன் கேட்டதன் நடுப்புள்ளியே உங்கள் கேள்விதான்.

பீனால் மூலக்கூறை மூன்று கை உள்ள ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையத்தில் வினைக்கு ஏற்ற இடங்கள் மூன்று இருக்கின்றன. பார்மால்டிஹைடுக்கு இரண்டு கை. அது இரண்டு பீனாலை இணைக்கும் பாலம். பீனாலின் இரண்டு கை மட்டும் பிடித்திருந்தால் வரிசை கிடைக்கும். வரிசை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால் சூட்டில் இளகும், ஆல்கஹாலில் கரையும். மூன்றாவது கையும் பிடித்துவிட்டால் நாலாபக்கமும் பின்னிய வலை. உங்கள் கைப்பிடி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு. வழுக்க எதுவும் தனியாக இல்லை, அதனால் உருக வழியில்லை.

பார்மால்டிஹைடைக் குறைத்து, அமிலம் சேர்த்தால் வினை வரிசையோடு நின்றுவிடும். அதுதான் நோவலாக். பார்மால்டிஹைடை அதிகமாக வைத்து, அமோனியா மாதிரி காரம் கொஞ்சம் சேர்த்தால் வலைக்குப் போகும் பாதை திறந்திருக்கும். பேக்லண்ட் கண்டுகொண்டது இந்தப் பாதையில் நடுவழியில் நிறுத்த முடியும் என்பதை. இங்கே ஏ, பி, சி என்பவை நிலைகளின் பெயர், குறிப்பேட்டில் இருந்த நான்கு எழுத்து வேறு. ஏ நிலையில் திரவம் அல்லது நொறுங்கும் பிசின், ஆல்கஹாலில் கரையும். பி நிலையில் கரையாது, அசிட்டோனில் ஊறி உப்பும், சூட்டில் ரப்பர் மாதிரி இளகும். சி நிலை முடிந்துபோனது. பொருளை ஏ அல்லது பி-யில் நிறுத்தி, விற்று, வாங்கியவர் தன் டையில் போட்டு சி-க்குக் கொண்டுபோக வேண்டும். கிளீபெர்க் போன்றவர்கள் நேராக சி-யில் போய் விழுந்தார்கள். வழியில் இருந்த இரண்டு நிலையையும் அவர்கள் பார்க்கவில்லை.

நிலவன்

இது தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் அழுத்தம் எதற்கு? சூடு மட்டும் போதாதா?

வேதிவாசகி

போதாது. மற்றவர்கள் தோற்ற இடம் அதுதான். கணக்கோடு சொல்கிறேன்.

ஒவ்வொரு பாலம் உருவாகும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே விழுகிறது. 94 கிராம் பீனால் எடுப்போம். எல்லாக் கையும் இணைய வேண்டுமென்றால் 45 கிராம் பார்மால்டிஹைடு வேண்டும். கடையில் வரும் ஃபார்மலினில் பார்மால்டிஹைடு 37 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக 122 கிராம் ஃபார்மலின் ஊற்ற வேண்டும், அதோடு கூடவே 77 கிராம் தண்ணீரும் வந்துவிடும். இது போக வினையிலேயே பிறக்கும் தண்ணீர் 27 கிராம். கடைசியில் கையில் நிற்கும் பிசின் 112 கிராம், வெளியேற வேண்டிய தண்ணீர் 104 கிராம்.

ஃபார்மலினோடு வந்த தண்ணீரை ஏ நிலையிலேயே ஆவியாக்கி இறக்கிவிடலாம். வினைத் தண்ணீரில் ஒரு பகுதியும் அப்போதே போய்விடும். ஆனால் கடைசிக் கட்டத்தில் பிறப்பது, பொருள் கெட்டியாகிக்கொண்டிருக்கும்போது உள்ளே பிறக்கிறது. அந்த 27 கிராமில் பத்தில் ஒரு பங்குதான் அப்படி மாட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 150 டிகிரியில் அது 5 லிட்டர் நீராவி. பிசினோ 90 மில்லி கனஅளவுதான். திறந்த பாத்திரத்தில் சூடாக்கினால் என்ன ஆகும்? நுரைத்துப் பொங்கி, ஓட்டை ஓட்டையாக இறுகும்.

இதற்குப் பயந்துதான் மற்றவர்கள் சூட்டைக் குறைத்தார்கள். வியன்னாவின் அடால்ஃப் லுஃப்ட் மாதிரி ஆட்கள் நாள்கணக்கில் மெதுவாக உலர்த்தினார்கள். சுருங்கியது, வெடித்தது, அச்சின் உருவம் நிற்கவில்லை. பேக்லண்ட் தலைகீழாகப் போனார். சூட்டை 100 டிகிரிக்கு மேலே, 140, 150 என்று ஏற்றினார். கூடவே வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்தார். 150 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் கிட்டத்தட்ட 5 மடங்கு. வெளியழுத்தம் அதற்கு மேல் இருந்தால் குமிழியே கிளம்பாது. அவர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 100 பவுண்டு கொடுத்தார், இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. நாள்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது, கட்டியிலும் ஓட்டை இல்லை. அதற்காகவே முட்டை வடிவ நீராவிக் கொப்பரை ஒன்றைச் செய்து, பேக்லைசர் என்று பெயர் வைத்தார். அது இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அம்பத்தூர் ராஜு

மேடம் சொன்னதைப் பட்டறையில் தினமும் பார்த்திருக்கிறேன், காரணம்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

எங்களுக்கு வருவது மரத்தூள் கலந்த பவுடர். வெறும் பிசின் கண்ணாடி மாதிரி உடையும், மரத்தூள் போட்டால்தான் அடி தாங்கும். டையை 160, 170 டிகிரியில் வைப்போம். பவுடரைக் கொட்டி பிரஸ்ஸை இறக்கியதும் ஒன்றிரண்டு நொடியில் லேசாகத் தூக்கி மறுபடி மூடுவோம். பிரீத்திங் என்போம், உள்ளே சேர்ந்த ஆவி வெளியே போக. அதை மறந்தால் பீஸ் மேல் கொப்புளம் நிச்சயம். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் வாங்கிவிட்டால் எவ்வளவு பிரீத்திங் கொடுத்தாலும் கொப்புளம் வரும், பவுடரை முன்னாடியே சூடு காட்டி எடுக்க வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர் கனம் என்றால் இரண்டு மூன்று நிமிடம் வேக வைப்போம். வேகம் காட்டி நேரத்தைக் குறைக்கும் ஆட்கள் உண்டு. டையிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், வெளியே வைத்த நிமிடத்தில் வயிறு உப்பும். உள்ளே வேகவில்லை என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் அசிட்டோனில் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். சரியாக வெந்தது அப்படியே இருக்கும், வேகாதது மேல்தோல் இளகி, அசிட்டோனும் நிறம் வாங்கிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பட்டறையில் டை திறந்தால் அமோனியா மூக்கைப் பிடுங்கும். பேக்லண்ட் காரம் சேர்த்த அந்த முறைதான் எங்களதுமா?

வேதிவாசகி

இல்லை ராஜு அண்ணா. உங்கள் பவுடர் பெரும்பாலும் நோவலாக், அதாவது வரிசையோடு நிறுத்திய பிசின். அதனோடு ஹெக்சமின் என்ற பொருளை அரைத்துக் கலந்திருப்பார்கள், பார்மால்டிஹைடும் அமோனியாவும் சேர்ந்து உண்டானது அது. டையின் சூட்டில் ஹெக்சமின் உடைந்து விடுபட்ட பாலங்களைக் கொடுக்கிறது, அமோனியாவை வெளியே விடுகிறது. மூக்கைப் பிடுங்குவது அதுதான். இதில் வசதி என்னவென்றால் பவுடர் மூட்டையில் நெடுநாள் தங்கும். ஏ நிலைப் பிசின் தங்காது, கிடங்கிலேயே மெல்ல மெல்ல பி-க்கு நகர்ந்துகொண்டிருக்கும். ஷெல்லாக்கை வெல்ல முடியாத அந்த நோவலாக் இப்படி வேறு வேடத்தில் தொழிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி_சூலூர்

குழாய்க் கதையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பழைய பேக்லைட் ரேடியோ, டெலிபோன் எல்லாம் ஏன் கறுப்பு, காப்பிக்கொட்டை நிறத்திலேயே இருக்கின்றன? அந்தக் காலத்து ரசனையா?

வேதிவாசகி

ரசனை இல்லை, கட்டாயம். பிசினே தேன் நிறம், வெளிச்சம் பட்டால் இன்னும் கறுக்கும். மரத்தூளும் சேர்ந்தால் வெளிர் நிறம் எடுபடாது. கறுப்பும் பழுப்பும் இந்தக் குறையை மறைக்கும். பின்னால் மரத்தூள் இல்லாமல் ஊற்றி வார்த்த பீனாலிக் வகைகளில் வண்ணம் வந்தது. வெள்ளை ஸ்விட்ச் வேண்டுமென்றவர்கள் யூரியா பிசினுக்குப் போனார்கள்.

செல்வா பா

நல்ல விவாதம். ஆனால் இழை முழுக்கப் பேக்லண்ட் புராணமாக இருக்கிறது, கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேச வேண்டும்.

ஒன்று, ஆய்வகத்தில் அவருக்கு நத்தேனியல் தர்லோ என்ற உதவியாளர் இருந்தார். பீனால் பிசின் வேலையில் அவர் கையும் இருந்தது. காப்புரிமையில் பெயர் ஒருவருக்குத்தான். இரண்டு, இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் இதே பொருளுக்கு விண்ணப்பிக்கப் போனபோது பேக்லண்ட் ஒரு நாள் முந்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வருடத்தில் வந்து சேர்கிறார்கள் என்றால், அந்தக் காலம் பழுத்துவிட்டது என்று பொருள். ஃபார்மலின் தொழிற்சாலைச் சரக்காக வர ஆரம்பித்ததே 1880-களின் கடைசியில்தான். பேயர் 1872-ல் செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம் இல்லையா? மின்சாரத் தொழிலின் தேவையும் அப்போது இல்லை.

மூன்று, பேக்லண்ட் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பொருளுக்கு அவர் கொடுத்த வேதிப்பெயரும் வாய்பாடும் பின்னால் நிற்கவில்லை. மூன்று கை, இரண்டு கை என்று நீங்கள் விளக்கியது பிற்காலத்து அறிவு. இயற்கையில் இல்லாததைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால், 1920-ல் ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் "இவை உண்மையிலேயே நீளமான ஒற்றை மூலக்கூறுகள்" என்று வாதாடியதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவரை, சின்ன மூலக்கூறுகள் ஏதோ விசையால் கூடிக் கிடக்கின்றன என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள்.

நிலவன்

செல்வா சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஸ்டௌடிங்கருக்குப் பிறகு செய்முறையில் என்ன மாறியது? அறிவு வந்ததால் புதிதாக ஏதாவது செய்ய முடிந்ததா, இல்லை, செய்ததற்கு விளக்கம் மட்டும் கிடைத்ததா?

வேதிவாசகி

புதிதாகச் செய்ய முடிந்தது. அதற்கு ஒரே உதாரணம் போதும்.

அமெரிக்க வேதியியலர் வாலஸ் கரோதர்ஸ் 1928-ல் டூபான்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்டௌடிங்கர் சொன்னது உண்மையென்றால், ஏற்கெனவே தெரிந்த சாதாரண வினைகளாலேயே ராட்சச மூலக்கூறைக் கட்ட முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு முனையிலும் அமிலம் உள்ள மூலக்கூறு ஒன்று, இரண்டு முனையிலும் ஆல்கஹால் உள்ளது ஒன்று. இரண்டு கையோடு இரண்டு கை, ஆகவே வலை வராது, நூல்தான் வரும். இங்கேயும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தண்ணீர் விழுகிறது. ஆனால் சங்கிலி ஓர் அளவுக்கு மேல் வளரவே இல்லை.

ஏன் என்பதை அவரே கணக்கு போட்டார். 95 சதவீத முனைகள் இணைந்தால் சராசரிச் சங்கிலியில் 20 கண்ணிதான். 99 சதவீதம் என்றால் 100 கண்ணி. அந்தக் கடைசி நான்கு சதவீதத்தைத் தடுப்பது தண்ணீர். அது உள்ளே இருந்தால் இணைப்பைத் திரும்ப அவிழ்க்கிறது. ஆகவே மூலக்கூறு வாலை என்ற கருவியில், உயர் வெற்றிடத்தில், ஒவ்வொரு துளித் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்தார்கள். 1930-ல் அவர் குழுவின் ஜூலியன் ஹில் உருகிய பொருளில் கண்ணாடிக் கம்பியை விட்டு இழுத்தபோது நூல் வந்தது, ஆறிய பிறகு இன்னும் இழுத்தால் பலம் கூடியது. அந்த பாலியெஸ்டர் இஸ்திரிப் பெட்டிச் சூட்டுக்கே உருகிவிடும், துணிக்கு ஆகாது. ஆல்கஹாலுக்குப் பதில் அமீன் வைத்து, 1935 பிப்ரவரி 28-ல் நைலான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, தண்ணீரை இரண்டு பேரும் எப்படிக் கையாண்டார்கள் என்பது. பேக்லண்ட் அழுத்தம் போட்டு உள்ளேயே பிடித்துவைத்தார், ஏனென்றால் வலை எப்படியும் இறுகிவிடும், குமிழிதான் பகை. கரோதர்ஸ் வெற்றிடம் போட்டு வெளியே இழுத்தார், ஏனென்றால் நூல் வளர வேண்டும், அவிழ்வதுதான் பகை. முதலாமவர் குடுவையில் நடந்ததைப் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தார். இரண்டாமவர் கை எண்ணிக்கையை வைத்து முன்கூட்டியே முடிவு செய்தார்.

செல்வா பா

அதையே நானும் சொல்கிறேன். முன்கூட்டியே தீர்மானித்தவர்தான் செய்யக் கற்றவர். பேக்லண்டை நல்ல பொறியாளர் என்பேன், அவ்வளவுதான்.

வேதிவாசகி

அங்கே உங்களோடு சேர மாட்டேன். எந்த விகிதத்தில் எது கிடைக்கும், எந்தக் காரம் எவ்வளவு, எங்கே நிறுத்தலாம், மறுபடி எப்படிக் கிளப்பலாம் என்று ஒருவர் வரிசையாகச் சொல்ல முடிந்தால் அது அறிவுதான். மூலக்கூறின் படம் இல்லாத அறிவு. உள்ளே ஏதோ கூடிக் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டே அவர் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார். தர்லோவுக்குக் கிடைக்க வேண்டிய பங்கு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஃபார்மலின் கிடைக்காதது பேயருக்கு ஒரு தடை என்பதும் சரி. ஆனால் கிளீபெர்க்கிடம் பார்மால்டிஹைடு இருந்ததே?

செல்வா பா

கிளீபெர்க்குக்கு வாடிக்கையாளர் இல்லை. 1891-ல் ஷெல்லாக் தட்டுப்பாடு யாரையும் கடிக்கவில்லை. ஸ்வின்பர்னையும் மறக்காதீர்கள், லுஃப்டின் பிசினைப் பார்த்து ஆர்வம் வந்து அதே இடத்துக்கு வந்தவர். கடைசியில் பிரிட்டனின் பேக்லைட் நிறுவனத்துக்கே தலைவரானார். பேக்லண்ட் இல்லையென்றாலும் ஒரு நாளில் இது வந்திருக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

வேதிவாசகி

பொருள் வந்திருக்கும். அழுத்தத்தோடு சூட்டை ஏற்றும் முறையும் அப்போதே வந்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஸ்வின்பர்னின் நிறுவனம் முதலில் பணம் பார்த்தது பீனால் பிசின் வார்னிஷில், பித்தளைக்குப் பூசுவதில். கட்டியாக வார்ப்பதில் இல்லை.

அம்பத்தூர் ராஜு

பித்தளை வார்னிஷ் என்றதும் ஒரு கேள்வி மேடம். பூச்சாகப் போடும்போது பிரஸ் கிடையாது, அழுத்தமும் கிடையாது. அப்போது மட்டும் ஏன் கொப்புளம் வருவதில்லை?

வேதிவாசகி

பூச்சு மெல்லியது அண்ணா. தண்ணீர் பிறந்த இடத்திலிருந்து மேற்பரப்புக்கு மயிரிழைத் தூரம்தான், குமிழியாகச் சேருவதற்குள் வெளியே போய்விடும். கொஞ்சம் தடிமனாக அடித்துவிட்டு அடுப்பைச் சட்டென்று ஏற்றினால் அங்கேயும் கொப்புளம் வரும். அதனால் மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேகவைப்பார்கள்.